எலுமிச்சைத் தோலிலிருந்து நறுமண எண்ணெய்: பினாங்கில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

வீட்டில் சோப்பு, மெழுகுவர்த்தி, மசாஜ் எண்ணெய் செய்து பாசார் மாலாமிலும் இணையத்திலும் விற்கும் நம் ஆட்கள் இப்போது பினாங்கில் நிறையப் பேர். அவர்களில் பலர் ஒரு கட்டத்தில் “மணத்தையும் நானே எடுத்தால் என்ன?” என்று யோசிக்கிறார்கள். உடனே கேட்கும் கேள்வி, எந்த மெஷின் வாங்கலாம் என்பது. மெஷின் கடைசியாக வர வேண்டிய விஷயம். எந்தச் செடி, அதில் மணம் எங்கே ஒளிந்திருக்கிறது, எண்ணெய் யார் உடம்பில் படப்போகிறது என்பவை முதலில். நான் ஆங்காங்கே கேட்டும் படித்தும் பொறுக்கிய விவரங்களை ஒரே பழத்தை வைத்துச் சொல்கிறேன்: நம் சந்தைகளில் லிமாவ் நிப்பிஸ் என்று கிடைக்கும் சின்னப் பச்சை எலுமிச்சை. இந்த ஒரு பழத்தைப் புரிந்துகொண்டால் மற்றவை சுலபம்.

1. செக்கை மறந்துவிடுங்கள்

தேங்காய், எள், கடலையில் இருப்பது கொழுப்பு எண்ணெய். விதையின் எடையில் பாதிகூட அதுவாக இருக்கும், ஆட்டினால் ஒழுகும். செராய் தாளிலோ துளசி இலையிலோ இருக்கும் நறுமண எண்ணெய் அப்படியல்ல. 10 கிலோ பச்சைச் செராயில் 20 முதல் 50 மில்லி கிடைத்தாலே அதிகம். அது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அறைகளில் இருக்கிறது. செக்கில் போட்டு ஆட்டினால் பச்சைச் சாறு வரும், அந்தத் துளி எண்ணெயைச் சக்கையே உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் இலை, புல், பட்டை எல்லாவற்றுக்கும் நீராவி.

எலுமிச்சை வகை மட்டும் விதிவிலக்கு. அதன் எண்ணெய் தோலின் வெளிப் பச்சைப் பகுதியில், வெறும் கண்ணுக்கே புள்ளி புள்ளியாகத் தெரியும் பைகளில் இருக்கிறது. தோலை வெளிப்புறமாக மடித்தால் பை உடைந்து பீய்ச்சும்; மெழுகுவர்த்திச் சுடருக்கு எதிரே செய்தால் பொறி பறக்கும். சூடே இல்லாமல் எடுக்க முடிவதற்குக் காரணம் இந்தப் பைகள்தான். சந்தையில் குளிர்பிழிவு என்று விற்கும் நறுமண எண்ணெய்கள் அநேகமாக எலுமிச்சைக் குடும்பத்தவை. குளிர்பிழிவு லாவெண்டர், குளிர்பிழிவு செராய் என்று யாராவது விற்றால் விலகிவிடுங்கள்.

2. என்ன விற்கப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

லிமாவ் நிப்பிஸை இரண்டு விதமாக எடுக்கலாம்: தோலைப் பிழிந்து, அல்லது தண்ணீரோடு கொதிக்கவைத்து ஆவியைக் குளிர்வித்து வடித்து. இரண்டிலும் கிடைப்பது ஒரே எண்ணெய் அல்ல.

பிழிந்தெடுத்தது பச்சை அல்லது மஞ்சள் நிறமாக இருக்கும், இப்போதுதான் தோலைக் கிள்ளிய மாதிரி மணக்கும். அதில் ஆவியாகாத சரக்கும் கலந்து வரும்: தோலின் மெழுகு, நிறமி, அப்புறம் ஃபியூரனோகூமரின் என்ற சேர்மங்கள். இந்தக் கடைசி வகைதான் தோலில் பட்டு வெயிலில் போனால் கொப்புளம் போடவைப்பது.

வடித்தெடுத்தது நிறமற்றது. ஃபியூரனோகூமரின் நீராவியோடு ஏறுவதில்லை, கலனிலேயே தங்கிவிடும். ஆனால் மணம் மாறிவிடும். சூடும் பழத்தின் புளிப்பும் சேர்ந்து, எலுமிச்சை மணம் தரும் சிட்ராலைக் குறைத்துவிடும், எண்ணெயில் பெரும்பங்கான லிமோனினின் ஒரு பகுதியை டெர்பினியால் போன்ற வேறு பொருள்களாக மாற்றிவிடும். கிடைப்பது மிட்டாய், லைம் கார்டியல், கோலா பானம் இவற்றில் வரும் அந்த லைம் மணம். மோசம் என்று சொல்ல மாட்டேன், பல சோப்புக்காரர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். பழத்தின் மணம் வேண்டும் என்று கேட்ட வாடிக்கையாளருக்கு இதைக் கொடுத்தால் திரும்பி வரும், அவ்வளவுதான்.

ஆகவே தோலிலேயே தங்கும் பொருள் என்றால் வடித்தது. அறை மணம், டிஃப்யூசர், மெழுகுவர்த்தி என்றால் பிழிந்தது. என் கணக்கு இதுதான். இதை முடிவு செய்த பிறகு பணத்தை வெளியே எடுங்கள்.

3. பழம் வாங்கும்போது

உள்ளூர்ப் பழமாகப் பாருங்கள். இறக்குமதி ஆரஞ்சு, லெமன் மேல் பளபளப்புக்கு மெழுகு பூசியிருப்பார்கள், அழுகாமலிருக்கப் பூஞ்சைக்கொல்லியும் போட்டிருப்பார்கள். அந்த மருந்துகள் எண்ணெயில் கரைபவை. பிழியும்போது தோலில் இருப்பது நேராக உங்கள் குப்பிக்கு வரும், தண்ணீரில் கழுவினால் முழுதும் போகாது.

இன்னொரு பொறி, ஜூஸ் கடையில் சும்மா கிடைக்கும் பிழிந்த தோல். இலவசம் என்று மூட்டையாக வாங்கிவருவார்கள். சாறு பிழிந்தபோதே பாதிப் பைகள் உடைந்திருக்கும், மிச்சம் புளிப்பில் ஊறியிருக்கும், நம் ஊர்ச் சூட்டில் மதியத்துக்குள் புளித்தும் போகும். வரிசையை மாற்றுங்கள்: முதலில் நீங்கள் தோலை எடுங்கள், பிறகு பழம் கடைக்குப் போகட்டும். ஆயர் ஈத்தாமில் பானக்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் இப்படிக் கேட்டதற்கு, “தோல் சீவின பழத்த அன்னைக்கே கொண்டாந்துடு தம்பி, பாதி விலை தர்றேன்” என்றார். தோல் சீவிய பழம் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் “அன்னைக்கே” என்பதுதான் அதில் முக்கியம்.

4. பிழிவு: 5 கிலோ பழத்தில் ஒரு கணக்கு

கிலோ 6 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் 5 கிலோவுக்கு 30 ரிங்கிட். பழத்தின் எடையில் எண்ணெய் சுமார் 0.3 முதல் 0.4 விழுக்காடு, அதாவது தொழிற்சாலையில் 15 முதல் 20 மில்லி. கைவேலையில் அதில் பாதி வந்தாலே திருப்திப்படலாம். 8 மில்லி என்று போடுங்கள். கடைக்காரர் 15 ரிங்கிட் திருப்பித் தந்தால் பழச்செலவு மில்லிக்கு ஏறக்குறைய 2 ரிங்கிட். உங்கள் நேரத்துக்கு இதில் விலை போடவில்லை.

பெரிய ஆரஞ்சானால் தோலை உரித்து, தண்ணீரில் ஊறவிட்டு விறைப்பாக்கி, இயற்கைப் பஞ்சில் அழுத்தி மடிப்பார்கள். லிமாவ் நிப்பிஸின் தோல் மெல்லியது, அதற்குத் துருவுவதுதான் வசதி. பழத்தைக் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். நுண்ணிய துருவியால் பச்சையை மட்டும் துருவுங்கள். வெள்ளைப் பகுதி வந்தால் நிறுத்திவிடுங்கள், அதில் எண்ணெய் கிடையாது. தண்ணீரைக் கொழகொழப்பாக்கும் பெக்டின்தான் இருக்கிறது, அதுவே பின்னால் தலைவலி. துருவல் விழும் பாத்திரத்தில் ஐஸ் தண்ணீர் இருக்கட்டும், துருவலின் எடைக்குச் சமமாகப் போதும். பிளெண்டர் வேண்டாம், சூடாக்கும், எண்ணெயையும் தண்ணீரையும் மோர் மாதிரிக் கலந்துவிடும்.

துருவல் முடிந்ததும் பருத்தித் துணியில் இறுகப் பிழிந்து, உயரமான ஒடுங்கிய கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, மூடி, ஃபிரிட்ஜில் ஓர் இரவு வையுங்கள். காலையில் மேலே எண்ணெய், நடுவே வெண்ணெய் போன்ற ஒரு படலம், கீழே கலங்கிய தண்ணீர் என்று நிற்கும். பலரும் இங்கே தோற்றுப்போகிறார்கள். அந்த நடுப்படலத்தில்தான் பாதி எண்ணெய் சிக்கியிருக்கும், அதைக் கொட்டிவிடுகிறார்கள். தொழிற்சாலையில் இதை மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றிப் பிரிப்பார்கள். நம்மிடம் இருப்பது ஃபிரீசர். குப்பியில் மேலே இடம் விட்டு ஃபிரீசரில் வையுங்கள். தண்ணீரும் படலமும் உறைந்துவிடும், எண்ணெய் உறையாது; அதைச் சாய்த்து ஊற்றலாம். உறைந்ததை உருகவிட்டால் உடைந்த படலத்திலிருந்து இன்னும் கொஞ்சம் மேலே வரும்.

எடுத்த எண்ணெய் கலங்கலாக இருந்தால் பதறாதீர்கள். அது தண்ணீராகவும் இருக்கலாம், மெழுகாகவும் இருக்கலாம். இரண்டு மூன்று வாரம் ஃபிரிட்ஜில் அசைக்காமல் வைத்தால் மெழுகு அடியில் படியும், தெளிவை மட்டும் எடுங்கள். உடனே விற்க வேண்டும் என்று இந்தக் காத்திருப்பைத் தாண்டினால், வாடிக்கையாளர் வீட்டு ஏர்கானில் அது படியும், “கெட்டுப்போன எண்ணெய்” என்று செய்தி வரும்.

5. வடித்தல்: அதே பழம், வேறு எண்ணெய்

லிமோனின் தனியாகக் கொதிப்பது 176 பாகையில். தண்ணீரோடு சேர்ந்து கொதிக்கும்போது 98 பாகைக்குள்ளேயே இரண்டும் ஒன்றாக ஆவியாகிவிடும், ஏனென்றால் இரண்டின் ஆவியழுத்தமும் கூடி வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டுகிறது. வடித்தலின் முழு ரகசியமும் இது.

தொடங்குபவருக்கு 20 லிட்டர் துருப்பிடிக்காத எஃகு வடிகலன் போதும். அலுமினியப் பானை வேண்டாம், எலுமிச்சைப் புளிப்பு அதை அரிக்கும். குக்கரில் குழாய் மாட்டும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். தோல் துண்டு போய்க் குழாயை அடைத்தால் அது வெடிகுண்டு. ரப்பர் குழாயும் கூடாது. லிமோனின் ரப்பரை ஊதவைத்து இளக்கும், அதன் நாற்றம் எண்ணெயில் ஏறும். எஃகு அல்லது டெஃப்லான் குழாய்தான் சரி. மூடிக்கும் கலனுக்கும் நடுவில் ஆவி கசிந்தால் ஆட்டா மாவைப் பிசைந்து ஒட்டுங்கள், நன்றாகப் பிடிக்கும்.

கலனில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். எலுமிச்சைத் தோலின் பெக்டின் நுரைத்துப் பொங்கிக் குழாய்க்குள் ஏறிவிடும். வடிநீர் பச்சையாக வந்தால் அதுதான் நடந்திருக்கிறது, தீயைக் குறைத்துக் கலனை ஆறவிட்டு மறுபடி தொடங்குங்கள். தோலை மட்டும் போடுவதா, பழத்தை நசுக்கிச் சாறோடு போடுவதா என்பது உங்கள் கையில் இருக்கும் பெரிய முடிவு. தோலும் சுத்தத் தண்ணீரும் மட்டும் என்றால் மணம் குறைவாக மாறும். சாறோடு கொதித்தால் அந்த மிட்டாய் லைம் மணம் முழுதாக வரும். ஒரு முறை இப்படி, ஒரு முறை அப்படி என்று செய்தால் உங்கள் சோப்பு மாதத்துக்கு ஒரு மணம் அடிக்கும்.

குழாயில் வரும் ஆவியைக் குளிர்விப்பதில் நம் ஊருக்கு ஒரு தொல்லை உண்டு. குளிர்நாட்டுக் குறிப்புகள் குழாய்த் தண்ணீரை ஓடவிடச் சொல்லும். இங்கே குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பு. ஒரு வாளியில் ஐஸும் தண்ணீரும் போட்டு, மீன்தொட்டிப் பம்பால் சுற்றவிடுங்கள். வடிநீர் கையில் தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சூடாக வந்தால் எண்ணெயில் ஒரு பகுதி அறைக்குள் பறக்கிறது என்று பொருள். வீடே மணக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள், அது உங்கள் காசு. லிமோனின் ஆவி 48 பாகைச் சூட்டிலேயே தீப்பற்றும் நிலைக்கு வருவதால், சேகரிக்கும் குப்பி காஸ் அடுப்பிலிருந்து தள்ளி இருக்கட்டும்.

தோலின் எண்ணெயில் பெரும்பகுதி முதல் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். செராய்க்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் எடுக்கும், எலுமிச்சைக்கு அவ்வளவு காத்திருந்தால் வெந்த தோலின் வாடைதான் மிச்சம். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது, மேலே மிதக்கும். பிரிபுனலில் தண்ணீரைக் கீழே விட்டுவிடலாம்.

ஒரு சட்ட விஷயம். இதே கருவியில் சாராயமும் காய்ச்சலாம் என்பது சுங்கத்துறைக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக்கும் தெரியும். சம்சு நம் தோட்டங்களில் செய்த வேலையை நினைத்தால் அவர்கள் சந்தேகப்படுவதில் தப்பில்லை. உரிமம் இல்லாமல் மது காய்ச்சுவது குற்றம். கருவி வாங்கிய ரசீது, தொழில் பதிவு, என்ன மூலப்பொருளை எப்போது வடித்தீர்கள் என்ற குறிப்பேடு மூன்றையும் கலனுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். வாங்கும் முன் சுங்கத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுவது இன்னும் நல்லது.

6. மல்லிகை கேட்பவர்களுக்கு

லிட்டில் இந்தியாப் பூக்கடையில் மிஞ்சும் மல்லியை வடிக்கலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். வடித்தால் வெந்த பூ வாசனைதான். மல்லியின் மணப்பொருள்களில் பல சூட்டில் சிதையும், சில தண்ணீரிலேயே கரைந்து தங்கிவிடும். அதற்குத்தான் கரைப்பான் முறை: பூவை ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து, ஹெக்சேனை ஆவியாக்கி, மிஞ்சும் மெழுகுக் கட்டியை ஆல்கஹாலால் கழுவி, குளிரவைத்து மெழுகை நீக்கி, ஆல்கஹாலையும் எடுத்துவிடுவது. கடைசியில் கிடைப்பதற்கு அப்சொலூட் என்று பெயர். ஒரு டன் பூவுக்கு அது ஒன்றரைக் கிலோ அளவில்தான் இருக்கும்.

இதை வீட்டில் செய்யாதீர்கள். ஹெக்சேன் 69 பாகையில் கொதிக்கும். உறைநிலைக்குக் கீழேகூட அதன் ஆவி தீப்பற்றும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து அடுத்த அறையிலிருக்கும் அடுப்பைத் தேடிப் போகும். தொடர்ந்து முகர்ந்தால் நரம்பையும் கெடுக்கும். மல்லி வேண்டும் என்றால் அப்சொலூட்டைச் சிறு குப்பியாக வாங்குங்கள், கூடவே மீதிக் கரைப்பான் எவ்வளவு என்ற சோதனைத் தாளைக் கேளுங்கள். தாள் தராதவரிடம் வாங்காதீர்கள். எலுமிச்சைத் தோலுக்கோ இந்த முறை தேவையே இல்லை, பிழிந்தாலே வந்துவிடுகிறது.

7. வெயிலும் 0.7 விழுக்காடும்

பிழிந்த லைம் எண்ணெய் தோலில் தங்கும் பொருளில் 0.7 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது இஃப்ரா என்ற உலக நறுமணச் சங்கத்தின் வரம்பு. 100 மில்லி மசாஜ் எண்ணெயில் 0.7 மில்லி; மில்லிக்கு 20 சொட்டு என்று வைத்தால் 14 சொட்டு. பிழிந்த லெமனுக்கு வரம்பு 2 விழுக்காடு. இரண்டையும் கலந்தால் தனித்தனி வரம்பு செல்லாது, பங்கு போட வேண்டும்: லைம் 0.35 என்றால் அதன் பங்கில் பாதி தீர்ந்தது, லெமனுக்கு மிச்சம் 1 விழுக்காடு. சோப்பு போலக் கழுவிவிடும் பொருளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. வடித்த லைமுக்கும் இல்லை.

அந்தப் புண் எண்ணெய் பட்ட உடனே தெரியாது என்பதுதான் சிக்கல். பத்து ஃபெரிங்கி கடற்கரையில் ஒரு மதியம் இருந்துவிட்டு வந்து, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் கொப்புளம் வரும், பிறகு பழுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். வாடிக்கையாளர் உங்கள் குப்பியை நினைக்கவே மாட்டார், நீங்களும் கற்றுக்கொள்ள மாட்டீர்கள்.

வாங்கிய எண்ணெய் பிழிந்ததா வடித்ததா என்று சந்தேகம் வந்தால் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள். வடித்தது சுவடில்லாமல் போயிருக்கும். பிழிந்தது மஞ்சளாக ஒரு கறை விடும். குப்பியில் “வடித்தது” என்று எழுதிக் கறை விட்டால், பிழிந்த எண்ணெயாக வைத்தே கணக்குப் போடுங்கள்.

8. பதிவும் தாள்களும்

முதலில் எஸ்எஸ்எம் பதிவு. தனியாள் தொழிலுக்கு உங்கள் சொந்தப் பெயரிலேயே என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வேறு வணிகப் பெயர் வைத்தால் 60.

அறை மணமும் மெழுகுவர்த்தியும் உடம்பில் பூசுவதல்ல, அழகுப்பொருளில் சேராது. உடம்பில் பூசும் எதுவானாலும் விற்பதற்கு முன்பே என்பிஆர்ஏ எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பில் அறிவிக்க வேண்டும். QUEST3+ என்ற இணையத்தளத்தில் செய்வது. பொருள் ஒன்றுக்கு 50 ரிங்கிட், 2 ஆண்டுக்குச் செல்லும். கிடைக்கும் எண் NOT என்று தொடங்கும். லைம் மசாஜ் எண்ணெய், செராய் மசாஜ் எண்ணெய் என்று இரண்டு செய்தால் இரண்டு அறிவிப்பு, ஆகவே முதல் ஆண்டில் ஐந்தாறு மணம் இறக்காதீர்கள்.

பணத்தைவிடக் கஷ்டம் தயாரிக்கும் இடம்தான். நல்ல உற்பத்தி முறை விதிகளுக்கு ஏற்ற இடத்தில் செய்திருக்க வேண்டும், சாதாரணச் சமையலறை அதற்குத் தேறுவது கடினம். பலர் எண்ணெயை மட்டும் தாங்கள் எடுத்து, கலந்து குப்பியில் அடைப்பதை விதிப்படி இயங்கும் தயாரிப்பாளரிடம் ஒப்படைக்கிறார்கள். அவர் உங்கள் எண்ணெய்க்குச் சோதனை அறிக்கை கேட்பார். அதை முன்கூட்டியே ஆய்வகத்தில் செய்துவையுங்கள், விலையையும் எத்தனை வாரம் ஆகும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு மாதிரியைக் கொடுங்கள்.

லேபிளில் “மூட்டு வலி போகும்”, “சளி நீங்கும்” என்று எழுதினால் அது அழகுப்பொருள் இல்லை, மருந்துப் பதிவுக்குள் போய்விடும். நம் ஆட்கள் அதிகம் மாட்டுவது இந்த இடத்தில்தான். லேபிள் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும், தமிழைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம்.

9. எடுத்த எண்ணெயை வைத்திருப்பது

சந்தன எண்ணெய் ஆண்டுகள் போகப் போக மெருகேறும். எலுமிச்சை எண்ணெய் அப்படியில்லை. அதில் பெரும்பங்கு லிமோனின், அது காற்றோடு சேர்ந்து பெராக்சைடாக மாறும், மாறியது தோலில் ஒவ்வாமை கிளப்பும். நம் ஊர்ச் சூட்டில் இது வேகமாக நடக்கும். அரைகுறையாக நிரம்பிய குப்பிதான் முதல் எதிரி, மிச்சமிருக்கும் இடம் முழுக்கக் காற்று. தீரத் தீரச் சின்னக் குப்பிக்கு மாற்றி, வாய்வரை நிரப்பி, ஃபிரிட்ஜில் வையுங்கள். அடர்நிறக் கண்ணாடிதான் வேண்டும். ரப்பர் தலை வைத்த சொட்டுக்குழாயை மூடியாக விட்டுவைக்காதீர்கள், இரண்டு மாதத்தில் ரப்பர் பிசுபிசுக்கும். பழைய பாலிஸ்டைரீன் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், கண்ணெதிரே கரையும். அதன் பிறகு பிளாஸ்டிக் குப்பி வாங்கத் தோன்றாது.

ஒவ்வொரு குப்பியிலும் எடுத்த தேதியும் பிழிந்ததா வடித்ததா என்பதும் எழுதியிருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை முகர்ந்து பாருங்கள். பழமணம் மங்கி டர்பன்டைன் வாடை தலைகாட்டினால் அதைத் தோலில் படும் எதிலும் சேர்க்காதீர்கள், புது எண்ணெயோடு கலந்து ஒப்பேற்றவும் பார்க்காதீர்கள். பழைய குப்பிகளின் லேபிள் பசையை எடுக்க அது அருமையாக வேலை செய்யும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.